இரவு டெஸ்க்குக்கு வரும் செய்திகளை எப்படிச் சோதிப்பது: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் செய்தித் தளங்களிலும் பொறுப்பில் இருக்கும் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். மாவட்டச் செய்திகளைத் திருத்திப் பக்கத்துக்கு அனுப்பும் துணை ஆசிரியர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். வெளியிலிருந்து வரும் கட்டுரைகளிலும் பகுதிநேர நிருபர்கள் அனுப்பும் செய்திகளிலும் ஏஐ எழுதியவை கலந்து வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். டெஸ்க்கில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று பெரும்பாலான இடங்களில் எழுதிவைத்த முறை எதுவும் இல்லை. சிலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். சிலர் ஏதாவது ஒரு கண்டறியும் கருவியில் ஒட்டிப் பார்த்து, அது சொல்வதை வைத்து முடிவெடுக்கிறார்கள். இரண்டுமே ஆபத்து. அதற்குப் பதிலாக மூன்று விஷயங்களைப் பார்க்கும் ஒரு சோதனை முறையை உங்கள் முன் வைக்கிறேன்: சொன்னவர் யார், விவரம் சோதிக்கக்கூடியதா, நடுநிலை எங்கிருந்து வந்தது. இவை மூன்றும் இதே வரிசையில் நடக்க வேண்டும். காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதலில் கருவிகளைப் பற்றி. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது, மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தைத் தவறாக ஏஐ என்றது. இவை அந்த நிறுவனமே சொன்ன கணக்குகள். ஆங்கிலம் அல்லாத மொழிகளில் இன்னும் மோசமாக இருக்கும் என்றும் எச்சரித்திருந்தார்கள். துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் கருவியை விலக்கிக்கொண்டார்கள். அதன்பிறகு வேறு கருவிகள் பல வந்துவிட்டன. ஆனால் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஏஐ எழுதியவை என்று தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய சொற்களில் கட்டுக்கோப்பாக எழுதுபவர்தான் அங்கே மாட்டிக்கொண்டார். நம் பகுதிநேர நிருபர்களில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு சதவீதக் கணக்கைக் காட்டி அவர்களில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் அது அநியாயம்.

கருவி எதிர்த்திசையிலும் ஏமாற்றும். அதற்கு மிகப் பெரிய உதாரணம் 2025-ல் வெளியான மார்கோ பிளான்சார்ட் விவகாரம். அந்தப் பெயரில் ஒருவர் சுதந்திர எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்டு அமெரிக்க, பிரிட்டன் இதழ்களுக்கு எழுதிவந்தார். அந்த ஆகஸ்டில் பிரிட்டனின் ஊடகத்துறை இதழான பிரஸ் கெஜட் விசாரித்து எழுதிய பிறகு, குறைந்தது ஆறு வெளியீடுகள் அவர் பெயரில் வந்த கட்டுரைகளை நீக்கின. வயர்டு, பிசினஸ் இன்சைடர் போன்ற பெரிய பெயர்களும் அதில் உண்டு. வயர்டு வெளியிட்டது மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் நடக்கும் திருமணங்களைப் பற்றிய கட்டுரை. அப்படிப்பட்ட திருமணங்களை நடத்திவைப்பவர் என்று சிகாகோவைச் சேர்ந்த ஜெசிகா ஹு, வயது 34, என்பவர் அதில் வருகிறார். அப்படி ஒருவரைப் பின்னர் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வயர்டுக்குச் சந்தேகம் எழுந்தது எழுத்து நடையைப் பார்த்து அல்ல. பணம் கொடுக்கும்போது அந்த எழுத்தாளரால் நிறுவனத்தின் வழக்கமான கணக்குமுறைக்குள் வர முடியவில்லை. பேபாலிலோ காசோலையாகவோதான் வேண்டும் என்றார். அதன்பிறகு இரண்டு கண்டறியும் கருவிகளில் கட்டுரையைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே மனிதர் எழுதியதாகத்தான் தெரிகிறது என்றன. கட்டுரையின் விவரங்களைத் தேடிப் பார்த்த பிறகே புனைவு என்று தெரிந்தது. அந்தக் கட்டுரை தங்கள் வழக்கமான உண்மை சரிபார்ப்பு வழியாகப் போகவில்லை என்பதை வயர்டு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

அதே எழுத்தாளரிடம் ஏமாறாத ஆசிரியர் ஒருவரும் உண்டு. டிஸ்பாட்ச் என்ற புதிய இதழின் ஆசிரியர் ஜேக்கப் ஃபுரெடி. கொலராடோ கிராமப்புறத்தில் கைவிடப்பட்ட கிரேவ்மான்ட் என்ற சுரங்க ஊர் மரண விசாரணைப் பயிற்சிக்கூடமாக ரகசியமாக மாற்றப்பட்டிருக்கிறது, அதைப் பற்றி எழுதுகிறேன் என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. எந்த ஆசிரியரையும் ஆசைகாட்டி இழுக்கும் கதை அது. ஃபுரெடி அப்படி ஒரு ஊர் இருக்கிறதா என்று தேடினார். எங்கேயும் இல்லை. உங்களுக்கு இது எப்படித் தெரியவந்தது என்று எழுத்தாளரிடம் கேட்டார். வந்த பதில்களில் சோதித்துப் பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜெசிகா ஹுவுக்குப் பெயர், வயது, ஊர் எல்லாம் இருந்தன. கிரேவ்மான்டுக்கு ஒரு வரலாறே இருந்தது. விவரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் இரண்டுமே தேறியிருக்கும். அந்த விவரத்துக்கு மறுமுனையில் ஒரு மனிதரோ ஆவணமோ இடமோ இருக்கிறதா என்பதில்தான் மாட்டின. அதனால்தான் சொன்னவர் யார் என்பதை முதலில் வைக்கிறேன்.

இனி நம் ஊர்ச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கீழே இருப்பது விளக்கத்துக்காக நானே எழுதிய மாதிரி. ஆனால் இதைப் போன்றதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

"தஞ்சாவூர் மாவட்டத்தில் நெல் கொள்முதலில் ஏற்பட்டுள்ள தாமதம் விவசாயிகளிடையே கவலையை ஏற்படுத்தியுள்ளது. 'கடினமாக உழைத்து விளைவித்த நெல் மழையில் நனைவதைப் பார்க்கும்போது மனம் வேதனை அடைகிறது' என்று உள்ளூர் விவசாயி முருகன் (45) தெரிவித்தார். அதேசமயம், பணிகளை விரைவுபடுத்தத் தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருவதாக மாவட்டக் கொள்முதல் ஆணையர் தெரிவித்தார். போக்குவரத்து, சேமிப்பு உள்ளிட்ட பல்வேறு காரணிகள் இதற்குப் பின்னணியில் இருப்பதாக நிபுணர்கள் கருதுகின்றனர். அனைத்துத் தரப்பினரும் இணைந்து செயல்பட்டால் இந்தச் சவாலுக்குத் தீர்வு காண முடியும்."

பிழை இல்லாத தமிழ். இரவு பத்து மணிக்கு, எட்டாம் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருக்கும்போது இது வந்தால் போட்டுவிடத் தோன்றும். இப்போது சோதிப்போம்.

இதில் பேசுபவர்கள் மூன்று பேர். முருகன், ஆணையர், நிபுணர்கள். முருகன் எந்த ஊர்? எந்தக் கொள்முதல் நிலையத்தில் காத்திருந்தார்? நிருபர் அவரை நேரில் பார்த்தாரா, போனில் பேசினாரா? ஒரு விவசாயியின் எண்ணைக் கேட்டு வாங்கி, டெஸ்க்கில் இருப்பவர் ஒரு முறை கூப்பிட்டு "நீங்கள் இப்படிச் சொன்னீர்களா, எந்த நிலையத்தில் இருக்கிறீர்கள்" என்று கேட்பதற்கு மூன்று நிமிடம் போதும். எண் வாங்கவில்லை, கூட்டத்தில் பேசினார், பெயர் மட்டும்தான் தெரியும் என்று நிருபர் சொல்வதும் நடக்கும். அது உண்மையாகவே இருக்கலாம். அப்போது அந்த மேற்கோளை எடுத்துவிட்டுச் செய்தி நிற்கிறதா என்று பாருங்கள். மேற்கோள் போனதும் செய்தியே போய்விட்டால் அதை இன்று போட வேண்டியதில்லை.

அடுத்து ஆணையர். இங்கேதான் மாவட்ட நிர்வாகம் தெரிந்த துணை ஆசிரியருக்குக் கை ஓங்கியிருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையங்களை நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். மாவட்ட அளவில் அதற்குப் பொறுப்பு மண்டல மேலாளர், தஞ்சாவூரில் முதுநிலை மண்டல மேலாளர். நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் பட்டியல் எழுத்தர். மாவட்டக் கொள்முதல் ஆணையர் என்று ஒரு பதவியே கிடையாது. இல்லாத பதவியை எழுதுவது ஏஐ அடிக்கடி செய்யும் தவறு. எந்தத் துறைக்கும் பொருந்தும் மாதிரி ஒரு பெயரை அது கட்டிவிடுகிறது. களத்தில் போய் நிற்பவருக்கு இந்தத் தவறு வராது. தான் பேசிய ஆளின் பதவியைத் தப்பாக எழுதினால் மறுநாள் அந்த அலுவலகத்துக்குள் அவர் நுழைய முடியாது.

பதவி சரியாக இருந்தாலும் ஒரு போன் போட வேண்டும். எண்ணை நிருபரிடம் வாங்காமல் மாவட்ட இணையதளத்திலிருந்தோ நம் அலுவலகத்தின் பழைய குறிப்பேட்டிலிருந்தோ எடுங்கள். இது நிருபரை நம்பாமல் செய்வது அல்ல. ஏஐ எழுதும்போது நிருபரே அறியாமல் ஒரு மேற்கோள் நுழைந்திருக்கலாம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 2024-ல் நடந்தது இதற்குப் பக்கத்தில் வருகிறது. கோடி எண்டர்பிரைஸ் என்ற சிறு பத்திரிகையில் புதிதாகச் சேர்ந்த நிருபர் ஒருவர் எழுதியவற்றில், மாநில ஆளுநர் உட்படப் பலர் சொல்லாத வார்த்தைகள் அவர்கள் வாயில் வைக்கப்பட்டிருந்தன. எதிர்ப் பத்திரிகையான பவல் டிரிப்யூனின் நிருபர் சிஜே பேக்கர், மேற்கோளில் இருந்தவர்களைத் தேடிப்போய் இதை நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டார். நாங்கள் அவரிடம் பேசவே இல்லை என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்த நிருபர் பதவி விலகினார், பத்திரிகை மன்னிப்புக் கேட்டது. பேக்கர் செய்ததை அந்தப் பத்திரிகையின் சொந்த டெஸ்க்கே செய்திருக்க முடியும்.

மூன்றாவது, நிபுணர்கள். பெயரில்லாத பன்மை. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெயர் சொல்ல முடியாத நிபுணர் என்றால் வெட்டிவிடுங்கள். பெயரை வெளியிட முடியாத ஆதாரம் என்பது வேறு. அவர் யார் என்று நிருபருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்திருக்கும்.

இப்போது விவரத்துக்கு வருவோம். நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். செய்தியில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் படியுங்கள். மேலே இருக்கும் மாதிரியில் தஞ்சாவூரை எடுத்துவிட்டு மதுரை என்று போட்டால் ஒரு வரிகூடப் பொய்யாவதில்லை. ஆண்டை மாற்றினாலும் அப்படியே நிற்கும். அப்படியானால் அதில் செய்தி இல்லை, பொதுவான நிலைமை பற்றிய ஒரு பத்திதான் இருக்கிறது.

கொள்முதல் நிலையத்துக்குப் போய்வந்தவர் எழுதினால் எப்படி இருக்கும்? நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான் வாங்குவார்கள் என்பது விதி. மழைக்காலத்தில் அதைத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு மத்திய அரசிடம் கேட்கும். ஆகவே அங்கே போய் நிற்கும் நிருபர் முதலில் கேட்பதே, ஈரப்பதமானி இன்றைக்கு எத்தனை காட்டியது என்றுதான். அடுத்து, தாமதத்துக்கு என்ன காரணம்? சாக்கு வரவில்லையா? எடைபோட்ட 40 கிலோ மூட்டைகளை ஏற்ற லாரி வராமல் நிலையத்திலேயே அடுக்கிக் கிடக்கின்றனவா, அதனால் புது நெல்லைக் கொட்ட இடமில்லையா? கிடங்கில் இடமில்லாமல் லாரிகள் அங்கே நிற்கின்றனவா? சுமைதூக்கும் தொழிலாளர்கள் வரவில்லையா? இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தி. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் வேறு. "போக்குவரத்து, சேமிப்பு உள்ளிட்ட பல்வேறு காரணிகள்" என்று எழுதியவருக்கு இதில் எது நடந்தது என்று தெரியாது. தெரிந்திருந்தால் ஒன்றைத்தான் எழுதியிருப்பார்.

நேரில் போய்வந்தவர் எழுதும் செய்திக்கு இன்னொரு குணமும் இருக்கும். சில விவரங்கள் ஒழுங்காகப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்தில் லாரி தடையில்லாமல் வருகிறது, இங்கே மட்டும் வருவதில்லை என்பது போல ஒன்று. நிருபருக்கே அதன் காரணம் தெரியாமல் இருக்கலாம். ஏஐ எழுதும் செய்தியில் இப்படி விளக்கமில்லாமல் கிடக்கும் விவரம் அரிது. எல்லாம் எதிர்பார்த்தபடியே இருக்கும். விவசாயி வேதனைப்படுவார், அதிகாரி உறுதியளிப்பார்.

ஆனால் விவரம் நிறைய இருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஏஐ-யிடம் இன்னும் விவரமாக எழுது என்று சொன்னால் அது ஈரப்பதம், மூட்டைக் கணக்கு, கிராமத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடும். ஜெசிகா ஹுவுக்கு 34 வயது வந்தது போல. ஆகவே விவரங்களில் இரண்டை மட்டும் எடுத்து மறுமுனையைத் தேடுங்கள். எதை எடுப்பது? பொய்யானால் செய்தி முழுவதும் சரிந்துவிடும் விவரத்தை. நம் உதாரணத்தில் அது நிலையத்தின் பெயரும், அங்கே தேங்கியிருப்பதாகச் சொல்லப்படும் மூட்டைக் கணக்கும். அந்தப் பெயரில் அங்கே நிலையம் இருக்கிறதா என்று வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகத்தில் கேட்கலாம். பக்கத்து ஊர் நிருபரிடமும் கேட்கலாம். மூட்டைக் கணக்கை யார் எண்ணினார்கள் என்று செய்தி அனுப்பியவரிடம் கேளுங்கள். பட்டியல் எழுத்தர் சொன்னாரா, விவசாயிகள் தோராயமாகச் சொன்னார்களா? இரண்டுமே ஏற்கத்தக்க பதில்கள்தான், எழுதும் விதம்தான் மாறும். பதிலே இல்லை என்றால் அந்த எண்ணுக்கு இடமில்லை.

படம் வந்திருந்தால் அதையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படத்தை அனுப்பினால், எடுத்த நேரமும் இடமும் பற்றிய தகவல் கோப்பிலிருந்து போய்விடும். டாகுமெண்டாக அனுப்பச் சொன்னால் மூலக் கோப்பு அப்படியே வரும். எல்லாச் செய்திக்கும் டாகுமெண்டாகவே அனுப்புங்கள் என்று பொதுவான வழக்கமாக்கிவிட்டால் யாரையும் தனியாகச் சந்தேகப்பட்ட மாதிரி இருக்காது. கோப்பில் உள்ள தேதியையும் மாற்ற முடியும் என்பதால் அதுவே இறுதிச் சான்று ஆகாது. அன்று அங்கே மழை பெய்ததா, படத்தில் தரை காய்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாக நடுநிலை. இதைக் கடைசியில் வைக்கக் காரணம், இது மற்ற இரண்டையும்விட எளிதில் ஏமாற்றும். ஏஐ எழுதிய செய்திகளில் ஒரு வினோதமான சமநிலை இருப்பது உண்மைதான். கவலை ஒரு வரி, உறுதி ஒரு வரி, இடையில் ஒரு "அதேசமயம்", கடைசியில் அனைத்துத் தரப்பினரும் இணைந்து செயல்பட வேண்டும் என்ற விருப்பம். யார் மேலும் குற்றம் இல்லை. நெல் தானாக நனைந்தது போலவும், தாமதம் தானாக ஏற்பட்டது போலவும் வாக்கியங்கள் இருக்கும்.

பத்திரிகைக்குரிய நடுநிலை வேறு மாதிரி இருக்கும். அதில் குற்றச்சாட்டு கூர்மையாக இருக்கும். அதைச் சொன்னவருக்குப் பெயர் இருக்கும். குற்றம் சாட்டப்பட்டவரிடம் அதே கேள்வியைக் கேட்டதும், அவர் மறுத்ததும், அல்லது மூன்று முறை கூப்பிட்டும் எடுக்காததும் பதிவாகியிருக்கும். கொள்முதல் நிலையங்களில் மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்கிறார்கள் என்பது டெல்டாவில் பல ஆண்டுகளாக இருக்கும் புகார். நிலையத்துக்குப் போய் விவசாயிகளோடு அரை மணி நேரம் நின்றால் அது காதில் விழாமல் இருப்பது கடினம். அந்தப் புகாரை எழுதி, பட்டியல் எழுத்தரின் மறுப்பையும் எழுதினால் அது நடுநிலை. அந்தப் பேச்சையே எடுக்காமல் "விவசாயிகள் பல்வேறு சிரமங்களைச் சந்திக்கின்றனர்" என்று எழுதினால் அதில் நிருபர் எங்கே நின்று பார்த்தார் என்பதே தெரியாது.

சர்ச்சையே இல்லாத இடத்தில் இரண்டு தரப்பை உண்டாக்குவதும் கவனிக்க வேண்டிய அடையாளம். ஈரப்பதமானி 19 காட்டியது என்றால் அது அளவு. "ஈரப்பதம் அதிகமாக இருப்பதாக ஒரு தரப்பினரும், இல்லை என்று மறுதரப்பினரும் கூறுகின்றனர்" என்று வந்தால், அளவு என்ன என்று நிருபரிடம் கேளுங்கள். உண்மையிலேயே அந்தக் கருவி மீதே சந்தேகம் என்று விவசாயிகள் சொல்லியிருந்தால் அதுவும் செய்திதான், ஆனால் அதைச் சொன்னவர் பெயரோடு வர வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படிப்பட்ட மழுப்பலான நடை ஏஐ வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் செய்திக்குறிப்பு இப்படித்தான் இருக்கும். ஆங்கில ஏஜென்சிச் செய்தியை அவசரத்தில் மொழிபெயர்த்தாலும் இப்படித்தான் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயந்துபோன நிருபரும் இப்படித்தான் எழுதுவார். ஊரில் ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் மிரட்டியிருப்பார். நம் விளம்பரப் பிரிவே நிருபரிடம் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் நேரில் போனார், எல்லாம் பார்த்தார், பெயர்களை விழுங்கிவிட்டு எழுதினார். அவரை ஏஐ பயன்படுத்தினாயா என்று கேட்டால் உள்ளே கிடக்கும் பெரிய செய்தியையும் இழப்போம், ஒரு நல்ல நிருபரையும் இழப்போம். நடுநிலை விசித்திரமாகத் தெரிந்தால் அவரிடம் தனியாகக் கேட்க வேண்டியது, இதில் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா என்பதை.

அந்தக் கேள்விதான் மொத்தச் சோதனையிலும் எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது. செய்தி சந்தேகமாக இருந்தால் நிருபருக்குப் போன் செய்து, எழுதியதை மறந்துவிட்டு, "அண்ணே, அங்க என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். இரண்டு நிமிடம் பேசவிடுங்கள். நேரில் போனவரிடம் எழுதியதைவிட எப்போதும் அதிகமாக இருக்கும். எந்த ரோட்டில் நெல்லைக் காயவைத்திருந்தார்கள், யார் பேச மறுத்தார், எந்த நேரத்தில் லாரி வந்தது என்று வந்துகொண்டே இருக்கும். போகாதவரிடம் எழுதியதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதே வாக்கியங்களைத் திருப்பிச் சொல்வார், இல்லையென்றால் பார்த்துச் சொல்கிறேன் என்பார். குற்றம் சாட்டாமல் கேட்கக்கூடிய கேள்வி இது. ஸ்டிரிங்கர்கள் போனில் சொல்ல, டெஸ்க்கில் எழுதி எடுத்த காலத்தில் நடந்தது இதுதான்.

இந்தப் பேச்சில் வேறொன்றும் தெரியவரும். நிருபர் உண்மையிலேயே போயிருப்பார், குறிப்பெடுத்திருப்பார், தமிழ் நன்றாக வர வேண்டும் என்று ஏஐ-யிடம் கொடுத்துச் சீர்செய்திருப்பார். இது ஏமாற்று வேலை அல்ல. நாம் பிழைக்காகத் திட்டியதன் விளைவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சீர்திருத்தத்தில்தான் "சாக்கு இல்ல" என்பது "போதிய உள்கட்டமைப்பு வசதிகள் இல்லை" என்று ஆகிறது. பட்டியல் எழுத்தரின் பெயர் "அதிகாரிகள்" ஆகிறது. விவசாயி கோபத்தில் சொன்னது வேதனையாக மாறுகிறது. அவர் சொல்லாத ஒரு வாக்கியமும் சேர்ந்துவிடுகிறது. இப்படி வந்தால் சீர்செய்த பிரதியைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். அசல் குறிப்பையோ குரல் பதிவையோ வாங்கி அதிலிருந்து புதிதாக எழுதுங்கள். பிழையோடு அனுப்பினாலும் பரவாயில்லை, நாங்கள் திருத்திக்கொள்கிறோம் என்று நிருபர்களுக்கு நீங்கள் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கலின் பெரும்பகுதி குறையும்.

பாகிஸ்தானின் டான் நாளிதழில் 2025 நவம்பரில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கார் விற்பனைச் செய்தியின் கடைசியில், வேண்டுமானால் இன்னும் விறுவிறுப்பான முதல்பக்கப் பதிப்பும் தயாரித்துத் தருகிறேன் என்று ஏஐ சொன்ன வரி அப்படியே அச்சாகிவிட்டது. அப்படிப்பட்ட எச்சத்தைத் தேடுவது நல்லதுதான், கடைசிப் பத்தியைப் படித்தால் போதும். ஆனால் அதை ஒரு சோதனையாக எண்ணிவிடக் கூடாது. எச்சத்தை அழிக்கத் தெரிந்தவர்தான் பெரும்பாலும் அனுப்புகிறார். அந்தச் செய்தியின் எண்கள் சரியா என்ற கேள்விக்கு அந்த வரி இருப்பதோ இல்லாததோ பதில் தராது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்பீர்கள். எல்லாச் செய்திக்கும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பேருந்து கவிழ்ந்த செய்திக்குக் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போதும். புதிய ஆள் அனுப்பும் முதல் சில கட்டுரைகள், ஒருவர் மீது குற்றம் சாட்டும் செய்தி, வேறு யாரிடமும் வராத பரபரப்பான கதை ஆகிய மூன்றுக்கு மட்டும் கட்டாயமாக்குங்கள். புதிய எழுத்தாளர் என்றால் கட்டுரை ஏற்கும் முன்பே ஒரு வீடியோ அழைப்பும் வங்கிக் கணக்கு விவரமும் வாங்கிவிடுங்கள். வயர்டுக்கு வெளியிட்ட பிறகு மணி அடித்தது, நமக்கு முன்பே அடிக்கட்டும். யாரிடம் பேசினோம், எந்த எண்ணில், எத்தனை மணிக்கு என்று செய்தியோடு ஒரு குறிப்பு வைத்தால் மறுநாள் மறுப்பு வரும்போது கையில் ஏதாவது இருக்கும்.

கடைசியாக உங்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். இரவுப் பணியில் இருக்கும் துணை ஆசிரியர், போன் எடுக்கப்படாத ஒரு செய்தியை யாரிடமும் கேட்காமல் மறுநாளுக்கு நிறுத்திவைக்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். இப்போது அவர் நிறுத்தினால், போட்டிப் பத்திரிகையில் வந்துவிட்டதே என்று காலையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் சந்தேகம் இருந்தும் பக்கத்துக்குப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப, சரிபார்த்த ஒரு செய்தியை மாலை ஏழு மணிக்குள் ஒதுக்கிவைக்கச் சொல்லி மாவட்டப் பொறுப்பாளர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு துணை ஆசிரியர்